பஃபே கார்டில் வெஜ், வீகன், ஜெயின், ஹலால்: மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹோட்டல், மாநாடு, கல்யாண வரவேற்பு என்று எங்கே பஃபே வைத்தாலும் பாத்திரத்துக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை நிற்கும். அந்த அட்டையை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்காக எழுதியது இது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் இதே வேலை நடக்கிறது. கேள்விகளும் பெரும்பாலும் இவைதான்.

வெஜிடேரியன் என்று வந்தால் 'சைவம்' என்று போட்டுவிட்டுப் போகலாம்தானே? இதில் என்ன சிக்கல்?

முட்டைதான் சிக்கல். இங்கிலாந்திலோ ஐரோப்பாவிலோ பயிற்சி பெற்ற சமையல்காரர் வெஜிடேரியன் என்று எழுதும்போது இறைச்சியும் மீனும் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறார். முட்டையும் பாலும் அவருக்குக் கணக்கில் வருவதில்லை. தமிழில் சைவம் என்று படிக்கிறவர், குறிப்பாக வயதானவர், அதில் முட்டை இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார். இந்தியச் சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதிகளில் முட்டை அசைவம். பாலும் பால் பொருள்களும் அசைவத்தில் சேராது. பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் முட்டை இல்லை என்று இங்கே ஒரு குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே ஆங்கில அட்டையில் வெஜிடேரியன் என்று இருந்தால் சமையலறையிடம் முதலில் கேட்க வேண்டியது "முட்டை உண்டா?" என்பது. இல்லை என்று பதில் வந்தால் 'சைவம்' என்று எழுதுங்கள். உண்டு என்றால் 'சைவம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'முட்டை சேர்ந்தது. இறைச்சி, மீன் இல்லை' என்று எழுதுங்கள். 'சைவம் (முட்டை உண்டு)' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கையில் தட்டோடு வரிசையில் நகர்கிறவர் முதல் சொல்லைப் பார்த்ததும் கரண்டியை எடுத்துவிடுகிறார். அடைப்புக்குறிக்குள் இருப்பது அவர் கண்ணில் படுவதேயில்லை.

இலங்கை வாசகர்களுக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே காய்கறியே மரக்கறிதான். மரக்கறிச் சாப்பாடு என்பது இயல்பான சொல், அசைவத்துக்கு மச்சம் என்பார்கள். 'சைவம்' என்று எழுதினாலும் புரியும், சைவக்கடை என்ற சொல் அங்கே ஊரறிந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வைக்கிற அட்டைக்கு 'மரக்கறி' என்றே எழுதலாம். ஆனால் ஒரே விருந்தில் ஒரு அட்டையில் சைவம், அடுத்ததில் மரக்கறி என்று மாற்றி எழுதக் கூடாது. இரண்டும் வேறு வேறு போலும் என்று சாப்பிட வருகிறவர் தயங்குவார்.

அட்டையில் 'வெஜிடபிள் சூப்' என்று மட்டும் இருக்கிறது. 'காய்கறி சூப்' என்று எழுதினால் போதுமா?

போதாது. வெஜிடபிள் சூப் என்பது சூப்பில் காய்கறி மிதக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அது எந்தத் தண்ணீரில் கொதித்தது என்று சொல்லவில்லை. பெரிய சமையலறைகளில் காலையிலேயே ஒரு பெரிய அண்டாவில் கோழி எலும்பைப் போட்டு ஸ்டாக் கொதிக்கவிடுவார்கள். சூப், சாஸ், சில இடங்களில் சாதம்கூட அதிலிருந்துதான் போகும். சமையல்காரர் பொய் சொல்லவில்லை. வெஜிடேரியன் என்று அவர் எழுதவே இல்லையே. 'காய்கறி சூப்' என்று தமிழில் வந்தவுடன் அது சைவம் என்று ஆகிவிடுகிறது. வாக்குறுதி கொடுத்தது மொழிபெயர்ப்புதான்.

அதனால் பெயரில் காய்கறி, காளான், டோஃபு, கத்தரிக்காய் என்று எது இருந்தாலும், சைவம் என்ற குறிப்பு ஆங்கிலத்தில் தனியாக இல்லையென்றால், ஐந்து இடங்களைத் தோண்டிக் கேளுங்கள்: ஸ்டாக், சாஸ், சமைத்த கொழுப்பு, சீஸ், ஜெலட்டின். சாஸ்களில் ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது. மீன் சாஸ் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் உண்டு. மலேசியச் சம்பலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும். கிம்ச்சியிலும் மீன் சாஸோ இறாலோ பெரும்பாலும் சேரும். சீஸில் பார்மிஜானோ ரெஜானோ என்ற இத்தாலியச் சீஸைத் தயாரிக்கும் விதியே கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது. பன்னா கோட்டா, மூஸ் மாதிரியான இனிப்புகளை ஜெலட்டின் போட்டு இறுக வைப்பார்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது.

இங்கேயே 'கறி' என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கறி என்று வருவதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். மதுரைக்காரருக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி. யாழ்ப்பாணத்தவருக்குக் கத்தரிக்காய்க் கறியும் கறிதான். சில வீடுகளில் பொரியலுக்கே கறி என்று பெயர். அட்டையில் குழம்பு, கூட்டு, பொரியல், மசாலா என்று எது பொருந்துமோ அதை எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

வீகனுக்குத் தமிழில் எது சரி: சுத்த சைவம், நனிசைவம், தாவர உணவு?

முதலில், 'சுத்த சைவம்' என்று எழுதவே கூடாது. இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சுத்த சைவ ஹோட்டல் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் நெய் ரோஸ்ட்டும் தயிர்சாதமும் பால்கோவாவும் கிடைக்கும். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இறைச்சியும் முட்டையும் அந்தச் சமையலறைக்குள்ளேயே வராது என்று பொருள். வீகன் என்பவர் இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், வெண்ணெய், பன்னீர், தேன் எதையும் தொடாதவர். 1944ல் இங்கிலாந்தில் வீகன் சொசைட்டியைத் தொடங்கியவர்கள் பால் சாப்பிடும் வெஜிடேரியன்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டத்தான் இந்தப் புதுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பால் உண்டு என்று சொல்லும் ஒரு சொல்லை அதற்கு நிகராக வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

'நனிசைவம்' அழகான சொல். கட்டுரையில் எழுதலாம், நானும் எழுதுவேன். ஆனால் பஃபே வரிசையில் நிற்பவருக்கு அது புரியும் என்று நம்பி அட்டையை அச்சடிக்க முடியாது. 'தாவர உணவு' என்றால் கீரையும் காயும் என்று எடுத்துக்கொள்வார்கள், நெய் ஊற்றிய பருப்பும் தாவர உணவுதானே என்பார்கள்.

நான் எழுதுவது 'வீகன்' என்ற சொல்லையும் அதன் கீழே ஒரு வரியையும்தான்: 'பால், தயிர், நெய், முட்டை, தேன் சேர்க்கவில்லை'. வீகன் பழக்கம் உள்ளவர் முதல் சொல்லைத் தேடி வருவார். அந்தச் சொல் தெரியாதவர் இரண்டாவது வரியைப் படிப்பார். இடம் இல்லை, ஒன்றுதான் போட முடியும் என்றால் சொல்லை விட்டுவிட்டு வரியைப் போடுவேன்.

தமிழில் 'பால்' என்ற சொல்லுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தேங்காய்ப்பாலும் பால்தான். சொதியிலோ தாய் குழம்பிலோ 'பால் இல்லை' என்று எழுதிவிட்டு, வெள்ளை வெளேரென்ற குழம்பை வைத்தால் படித்தவர் நம்பமாட்டார். 'தேங்காய்ப்பால் சேர்ந்தது, பால் பொருள்கள் இல்லை' என்று முதலில் இருப்பதையும் பிறகு இல்லாததையும் எழுதினால் தெளிவாகிவிடும். அதேபோல நெய்யைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பால் பொருள் என்றால் பாலும் தயிரும் நினைவுக்கு வரும். தாளித்த ஒரு கரண்டி நெய் பலருக்கு நினைவுக்கு வராது, சமையலறையில் இருப்பவருக்கும் வராது. "நெய் உண்டா?" என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வீகன் என்பது ஒவ்வாமைக்கான உறுதிமொழி ஆகாது. பால் ஒவ்வாமை உள்ளவருக்கு, பன்னீர் புரட்டிய அதே சட்டியில் செய்த டோஃபுவும் ஆபத்தாகலாம். 'சேர்க்கவில்லை' என்பதும் 'கலந்திருக்க வாய்ப்பே இல்லை' என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் முதலாவது மட்டும் இருந்தால் தமிழிலும் அதை மட்டுமே எழுதுங்கள்.

'பிளான்ட் பேஸ்ட்' என்று வந்தால் வீகன் என்று எழுதலாமா?

கேட்காமல் எழுதாதீர்கள். பயறு, சோயாவில் செய்த பர்கர் வட்டையைத் தாவரத்தில் செய்தது என்பார்கள். அதைப் பிடித்து வைக்க முட்டை வெள்ளைக்கருவும், மேலே ஒரு துண்டு சீஸும் இருக்கலாம். 'சோயாவில் செய்த வட்டை' என்று பொருளைச் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ் விருந்துகளில் வரும் சைவ மட்டனுக்கும் இதுதான். பார்ப்பதற்கும் மெல்லுவதற்கும் ஆட்டுக்கறி மாதிரியே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் அட்டையைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுவார். 'சைவ மட்டன் (சோயா)' அல்லது 'சைவ மட்டன் (கோதுமைப் புரதம்)' என்று எழுதுங்கள். முட்டை உண்டா என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜெயின் உணவு என்றால் 'வெங்காயம், பூண்டு இல்லாதது' என்று எழுதினால் சரியாகிவிடுமா?

பாதிதான் சரி. வெங்காயமும் பூண்டும் இல்லாத உருளைக்கிழங்கு மசாலாவை ஜெயின் விருந்தினர் சாப்பிடமாட்டார். அவர்கள் உருளை, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சேனை எல்லாவற்றையும் விலக்குவார்கள். செடியை வேரோடு பிடுங்கினால் செடியும் சாகிறது, அந்த வேரைப் பற்றி வாழும் நுண்ணுயிர்களும் சாகின்றன என்பது காரணம். காளானும் தேனும் கிடையாது. பச்சை இஞ்சி கிடையாது. சுக்கும் மஞ்சள்தூளும் பலருக்கு ஏற்பு. பாலும் நெய்யும் பெரும்பாலோருக்கு உண்டு. அதனால் ஜெயின் என்பதை வீகன் என்று எடுத்துக்கொள்வதும் தவறு.

இங்கே தமிழ் நம்மை இரண்டு இடத்தில் தடுக்கிவிடும். 'கிழங்கு இல்லை' என்று எழுதினால் கேரட்டும் முள்ளங்கியும் வெங்காயமும் அதில் அடங்காது, ஏனென்றால் நாம் அவற்றைக் கிழங்கு என்று சொல்வதில்லை. சரி, 'மண்ணுக்கடியில் விளைவது எதுவும் இல்லை' என்று எழுதலாமா என்றால், நிலக்கடலை மண்ணுக்கடியில்தான் விளைகிறது. ஆனால் அது விதை என்பதால் ஜெயின்கள் பொதுவாகச் சாப்பிடுவார்கள். கடலைச் சட்னிக்கு முன்னால் அப்படி ஒரு அட்டை நின்றால் அது பொய். ஆகவே பெயர் சொல்லி எழுதுவதுதான் வழி: 'ஜெயின் முறை: வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், இஞ்சி போன்றவை சேர்க்கவில்லை'.

'சமண உணவு' என்று எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சமணம் நம் பழைய சொல்தான். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனாலும் சாப்பாட்டைப் பொறுத்தவரை சமையல்காரர், பரிமாறுபவர், விருந்தினர் மூவரும் சொல்வது ஜெயின் என்றுதான். 'சமண உணவு' என்ற அட்டையைப் பார்த்தால் வரலாற்றுக் கண்காட்சியோ என்று ஒரு கணம் தோன்றும்.

சமையலறையிடம் கேட்கும்போது சாம்பார்ப்பொடியையும் ரெடிமேட் மசாலாவையும் விட்டுவிடாதீர்கள். கடையில் வாங்கும் கரம் மசாலா, சாட் மசாலா பாக்கெட்டுகள் சிலவற்றில் பூண்டுத்தூளோ வெங்காயத்தூளோ இருக்கும். "வெங்காயம் போட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று உண்மையாகவே சொல்வார்கள்.

சாத்விக், விரத உணவு, சீன சைவம்: இதெல்லாம் ஜெயினோடு சேர்த்துவிடலாமா?

சேர்க்கக் கூடாது. சாத்விக் என்று வட இந்திய விருந்துகளில் எழுதுவது வெங்காயம், பூண்டு இல்லாத சைவம். உருளைக்கிழங்கும் பச்சை இஞ்சியும் அதில் தாராளமாக வரும். தமிழில் 'பூண்டு, வெங்காயம் சேர்க்காத சைவம்' என்றால் போதும். மாலை போட்ட ஐயப்ப பக்தர்களில் பலரும் தேடுவது இதைத்தான்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தைவானிலும் வரும் சீன பௌத்த சைவத்திலும் வெங்காயம், பூண்டு, லீக் வகைகள் விலக்கு. ஆனால் காளான் தாராளம், கிழங்கும் உண்டு. முட்டையும் பாலும் ஆளுக்கு ஆள் மாறும். தைவானில் பாக்கெட் உணவுக்கு முட்டை சைவம், பால் சைவம், முட்டை-பால் சைவம், முழுச் சைவம், பூண்டு வகை சேர்ந்த சைவம் என்று தனித்தனியாகவே குறிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் அட்டைக்கும் அது நல்ல முன்மாதிரி.

விரத உணவில்தான் கவனம் அதிகம் வேண்டும். நவராத்திரியில் வட இந்தியர்கள் சாப்பிடும் ஃபலாஹாரி உணவில் அரிசி, கோதுமை, பருப்பு கிடையாது. ஜவ்வரிசி, உருளை, பழம், பால் எல்லாம் உண்டு, சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு. அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாகவே 'பலகாரம்' என்று எழுதப் போகும். வேர்ச்சொல் ஒன்றுதான். ஆனால் நம் வீடுகளில் விரத நாளில் பலகாரம் சாப்பிடுவது என்றால் சோற்றை விட்டுவிட்டு இட்லி, தோசை, உப்புமா சாப்பிடுவது. ஜவ்வரிசிக் கிச்சடிக்கு முன்னால் 'விரதப் பலகாரம்' என்று வைத்துவிட்டு, அதைப் பார்த்து இன்னொருவர் பக்கத்தில் இட்லியையும் வைத்தால், நவராத்திரி விரதக்காரரின் விரதம் கெட்டுவிடும். 'நவராத்திரி விரத உணவு: அரிசி, கோதுமை, பருப்பு இல்லை, இந்துப்பு சேர்த்தது' என்று எழுதுங்கள்.

'நோ போர்க், நோ லார்ட்' என்று இருக்கிறது. இடமும் குறைவு. 'ஹலால்' என்று எழுதிவிடலாமா?

எழுதவே கூடாது. பன்றி இறைச்சியும் பன்றிக்கொழுப்பும் இல்லை என்பது ஒரு தகவல். ஹலால் என்பது அதைவிடப் பெரிய உறுதிமொழி. கோழியும் ஆடும் மாடும் இறைவன் பெயர் சொல்லி முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். சமையலில் மது சேரக் கூடாது. ஹலால் அல்லாததோடு பாத்திரமும் கலக்கக் கூடாது. சாதாரணக் கோழியை ஒயினில் வேகவைத்து 'நோ போர்க், நோ லார்ட்' என்று எழுதினால் அதில் ஒரு பொய்யும் இல்லை. அதையே ஹலால் என்று நாம் மாற்றினால், நம்பிச் சாப்பிடும் முஸ்லிம் விருந்தினருக்கு நாம் செய்கிற துரோகம் அது. சட்டமும் குறுக்கே நிற்கும். சிங்கப்பூரில் ஹலால் சான்று தருவது முயிஸ், மலேசியாவில் ஜாக்கிமும் மாநில சமய அமைப்புகளும். மலேசியாவில் 2011ல் வந்த ஆணைகளின்படி அந்தச் சான்று இல்லாமல் உணவை ஹலால் என்று குறிப்பிடக் கூடாது.

மூன்று நிலைகளை மூன்று வேறு வரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கே சான்று இருந்தால் 'ஹலால் சான்று பெற்றது'. சான்று இல்லை, ஆனால் ஹலால் கடையில் இறைச்சி வாங்கிச் சமைக்கிறார்கள் என்றால் 'ஹலால் இறைச்சியில் சமைத்தது'. சட்டம் இடம் தரும் ஊரில் மட்டும் இப்படி எழுதலாம். மற்றபடி 'பன்றி இறைச்சி, பன்றிக்கொழுப்பு சேர்க்கவில்லை' என்று உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். 'முஸ்லிம் ஃப்ரெண்ட்லி' என்று வந்தாலும் மூன்றாவது வரிக்குத்தான் போக வேண்டும். 'இஸ்லாமிய உணவு' என்ற மொழிபெயர்ப்பு வேண்டாம், அது பிரியாணி என்று பொருள்பட்டு நிற்கும். ஹலால் என்ற சொல் தமிழ் முஸ்லிம்களின் அன்றாடச் சொல், மற்றவர்களுக்கும் தெரியும்.

ஹாம், பேக்கன், பெப்பரோனி போன்ற பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே 'பன்றி இறைச்சி' என்று வர வேண்டும். எதிர்ப்பக்கமும் பாருங்கள். 'சிக்கன் ஹாம்' என்று மட்டும் எழுதினால், சாப்பிடக்கூடியவரும் ஒதுங்கிப் போவார். 'சிக்கன் ஹாம் (கோழி மட்டும்)' என்று எழுதலாம்.

ஒரு மாநாட்டுப் பட்டியலில் 'ஹிந்து மீல்' என்று வந்தது. சைவம்தானே?

இல்லை. இந்தச் சொல் விமானச் சாப்பாட்டிலிருந்து வந்தது. அங்கே HNML என்றால் மாட்டிறைச்சி இல்லாத அசைவச் சாப்பாடு. பன்றியும் பொதுவாக இருக்காது, கோழி, ஆடு, மீன் இருக்கும். இந்திய முறைச் சைவத்துக்கு AVML. ஜெயினுக்கு VJML. வீகனுக்கு VGML. முட்டையும் பாலும் உள்ள சைவத்துக்கு VLML. ஹலாலுக்கு MOML. மாநாடு நடத்துபவர்கள் பதிவுப் படிவத்தில் இந்தப் பெயர்களையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், அங்கிருந்து சமையலறைக்குப் போய், பிறகு அட்டையாக நம்மிடம் வருகிறது.

'இந்து உணவு' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கும்பகோணத்துப் பாட்டி அதைச் சைவம் என்று எடுத்துக்கொள்வார். உள்ளே கோழி. 'மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சேர்க்காத அசைவம்: கோழி' என்று எழுதுங்கள். மதத்தின் பெயரைவிடப் பாத்திரத்தில் இருக்கும் விலங்கின் பெயர்தான் அட்டைக்கு வேண்டும்.

கோஷர்?

யூத மத விதிகளுக்கு ஏற்ற உணவு இது. 'கோஷர்' என்றே எழுதுங்கள். அதை ஹலாலோடும் சைவத்தோடும் சமப்படுத்தாதீர்கள். இறைச்சியும் பாலும் சேராது என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. கோஷரில் பார்வே என்று ஒரு குறிப்பு வரும். இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்து வீகன் என்று எழுதிவிடுகிறார்கள். பார்வேயில் முட்டையும் மீனும் இருக்கலாம்.

ஒரு முழுப் பட்டியலை எப்படிக் கையாள்வது என்று ஓர் உதாரணம் காட்டுங்களேன்?

ஒரு நகர ஹோட்டலின் மதிய பஃபே என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பட்டியலில் ஆறு அட்டைகள். காளான் கிரீம் சூப், 'வி'. சீசர் சாலட், 'வி'. வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ், 'வி'. தால் தட்கா, வீகன். சிக்கன் ரெண்டாங், ஹலால். டிராமிசு, குறிப்பு எதுவும் இல்லை.

முதல் வேலை, அந்த 'வி' எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் கேட்பது. சில ஹோட்டலில் அது வெஜிடேரியன், சில ஹோட்டலில் வீகன். இங்கே வெஜிடேரியன் என்று பதில் வருகிறது. அப்புறம் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கேள்வி.

சூப்புக்குக் காய்கறி ஸ்டாக், கிரீம், வெண்ணெய், வெங்காயம், பூண்டு என்கிறார்கள். அட்டை: 'காளான் கிரீம் சூப். சைவம். பால், வெண்ணெய், வெங்காயம், பூண்டு சேர்ந்தது.'

சீசர் சாலட்டில் கோழியை எடுத்துவிட்டோம், அதனால் 'வி' போட்டோம் என்கிறார்கள். டிரெஸ்ஸிங்கில் என்ன என்று கேட்டால் முட்டை மஞ்சள்கரு, நெத்திலி வகை மீன், பார்மசான் சீஸ் என்று வருகிறது. இதை மொழிபெயர்ப்பால் சரிசெய்ய முடியாது. ஆங்கில அட்டையே தவறு. ஒன்று டிரெஸ்ஸிங்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் இரண்டு மொழியிலும் 'வி' போக வேண்டும். மாற்றவில்லை என்றால்: 'சீசர் சாலட். மீன், முட்டை, சீஸ் சேர்ந்தது.'

ஃப்ரைட் ரைஸில் ஆய்ஸ்டர் சாஸ் இல்லை, காளான் சாஸ்தான். முட்டை உண்டு. அட்டை: 'ஃப்ரைட் ரைஸ். முட்டை, காய்கறி சேர்ந்தது, இறைச்சி இல்லை.' பெயரில் காய்கறி என்று முதலில் வைக்கவில்லை, கவனியுங்கள். முட்டை முன்னால் வர வேண்டும்.

தால் தட்காவுக்கு வீகன் என்று போட்டவர், பருப்பும் எண்ணெயும்தான் என்று சொல்கிறார். நெய் உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்டதும், கடைசியில் ஒரு கரண்டி ஊற்றுவோம் என்கிறார். நெய்யை நிறுத்தினால் வீகன் என்ற குறிப்பு நிற்கும். நிறுத்தாவிட்டால்: 'பருப்பு தாளிப்பு. சைவம். நெய், வெங்காயம், பூண்டு சேர்ந்தது.'

ரெண்டாங்குக்குச் சமையலறையின் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றால்: 'சிக்கன் ரெண்டாங். கோழி, தேங்காய்ப்பால். ஹலால் சான்று பெற்றது.' இங்கே ஒரு முடிச்சு உண்டு. டிராமிசுவில் ரம் சேர்த்திருக்கிறார்கள். ஹலால் சான்று உள்ள சமையலறையில் அது நடக்காது. விசாரித்தால் இனிப்பு வேறு சமையலறையிலிருந்து வருகிறது என்று தெரிகிறது. அப்படியானால் டிராமிசு அட்டையில் 'முட்டை, மது, பால் சேர்ந்தது' என்று வர வேண்டும். அது ரெண்டாங்குக்குப் பக்கத்தில் நிற்கவும் கூடாது. ஹலால் என்பது இந்தப் பஃபே முழுவதற்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள இடம் தரக் கூடாது.

அட்டை விசிட்டிங் கார்டு அளவுதான். இவ்வளவும் எப்படி எழுதுவது?

வரிசை முக்கியம். பெயருக்கு அடுத்து, தவிர்ப்பவர்கள் அதிகமாகத் தவிர்ப்பது முதலில் வரட்டும்: எந்த விலங்கு, பிறகு முட்டை, மது, பிறகு பால் பொருள், பிறகு வெங்காயம், பூண்டு. 'மணம் கமழும்', 'சுவைமிகு' என்று ஆங்கிலத்தில் இருக்கும் அலங்காரங்களைத் தயங்காமல் வெட்டுங்கள். அதில் கிடைக்கும் இடமே பெரும்பாலும் போதும்.

சின்னத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தியாவில் அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020 விதிகளில் அது பழுப்பு முக்கோணம் ஆனது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டு வட்டமும் ஒன்றுபோலத் தெரியும். வீகனுக்கு 2022 விதிகளில் தனிச் சின்னமே வந்திருக்கிறது. வெளிநாட்டு விருந்தினருக்கு இவை எதுவும் தெரியாது. சின்னம் இருக்கட்டும், சொல்லும் இருக்கட்டும்.

எதிர்மறையில் ஒரு எச்சரிக்கை. 'முட்டை இல்லாத' என்பதில் 'இல்லாத' அடுத்த வரிக்குப் போய்விட்டால், வேகமாகப் படிப்பவருக்கு முட்டை மட்டும்தான் தெரியும். வடிவமைப்பாளரிடம் வரி உடையும் இடத்தைச் சொல்லிவிடுங்கள், அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை பாருங்கள்.

சமையலறையிலிருந்து பதிலே வரவில்லை. நாளைக் காலை அச்சு. என்ன செய்வது?

உணவின் பெயரையும் உங்களுக்கு எழுத்தில் தெரிந்த பொருள்களையும் மட்டும் போடுங்கள். சைவம், வீகன், ஜெயின், ஹலால் என்ற நான்கு சொற்களையும் உறுதி வராமல் எழுதாதீர்கள். பதில் வராத அட்டையில் 'சேர்ந்துள்ள பொருள்களைப் பரிமாறுபவரிடம் கேட்கவும்' என்று ஒரு வரி போதும். எந்தெந்த அட்டைக்குப் பதில் வரவில்லை என்று பட்டியல் போட்டு, மொழிபெயர்ப்போடு சேர்த்து மேலாளருக்கு அனுப்புங்கள். அதன் நகல் ஒன்று பரிமாறும் குழுவின் தலைவருக்கும் போகட்டும். விருந்தினர் வந்து கேட்கப்போவது அவரைத்தான்.